அத்தையின் மாத்திரைகளும் போனில் குரலால் வைத்த நினைவூட்டல்களும்

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அத்தைக்கு டிசம்பர் கடைசியில் டாக்டர் புதிதாக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த தைராய்டு மாத்திரையோடு ராத்திரிக்கு ஒரு கால்சியம் மாத்திரை, அப்புறம் வைட்டமின் டி பவுடர். அந்தப் பவுடர் 60,000 யூனிட் அளவில் வரும் சின்ன சாஷே. வாரத்துக்கு ஒன்று, பாலில் கலந்து, எட்டு வாரம் மட்டும். அத்தைக்குத் தமிழில் டைப் செய்யப் பொறுமை கிடையாது. ஆனால் பேசச் சொன்னால் நிறுத்த மாட்டார். அதனால் எல்லாவற்றையும் அவர் வாயாலேயே போனில் சொல்லி வைக்கும்படி ஏற்பாடு செய்வது என்று உட்கார்ந்தோம். போன் சாதாரண ஆண்ட்ராய்டு. மெனுக்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, அதை மாற்றவில்லை.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொண்டோம். தினமும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டியது வேறு, தேதியோடு கட்டிய வேலை வேறு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு அத்தை பாதித் தூக்கத்தில் இருப்பார். ரிமைண்டர் என்பது போனில் ஒரு முறை 'டிங்' என்று ஒலித்துவிட்டு, மேலே ஒரு வரி அறிவிப்பாக நிற்கும், அவ்வளவுதான். அதை நம்பி யாரையும் எழுப்ப முடியாது. அதனால் தைராய்டுக்கு ரிமைண்டர் இல்லை, அலாரம். "தினமும் காலை ஆறு மணிக்கு அலாரம் வை" என்று அத்தை சொன்னார். கடிகாரம் ஆப்பைத் திறந்து பார்த்தால் ஆறு மணி அலாரம் வந்திருந்தது, கீழே கிழமைகளின் ஏழு வட்டங்களும் நிறைந்திருந்தன. அந்த ஏழு வட்டத்தை ஒரு முறை கண்ணால் பார்ப்பது முக்கியம். ஒன்றும் நிறையவில்லை என்றால் அந்த அலாரம் அடுத்த நாள் மட்டும் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். போன் 'தொந்தரவு செய்யாதே' நிலையில் இருந்தாலும் வழக்கமான அமைப்பில் அலாரம் அடிக்கும் என்பது கூடுதல் வசதி. ராத்திரி சீரியல் பார்க்கும்போது போனை அமைதியாக்கிவிட்டுக் காலையில் திருப்பி வைக்க மறப்பவர்களுக்கு இது தேவை.

ஆனால் அலாரத்துக்குக் கிழமை தெரியுமே தவிர, 'எட்டு வாரம்தான்' என்பது தெரியாது. வைட்டமின் டி விஷயத்தில் அந்த எட்டுதான் எல்லாம். கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் தேவைக்கு மேல் போனால் உடம்பில் தேங்கும், ரத்தத்தில் கால்சியம் ஏறும். மருந்துக்கடைக்காரர் கேட்டால் கொடுத்துவிடுவார், போன் கேட்காமலே மணி அடிக்கும், நாமும் பாலில் கலந்து குடித்துக்கொண்டே இருப்போம். முடிவு இல்லாத ரிமைண்டர் இந்த இடத்தில் மறதியைவிட மோசம். அதனால் ஞாயிறு பவுடருக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உள்ள ரிமைண்டர்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இதையெல்லாம் குரலால் வைக்கத் தொடங்கும் முன்பே ஒரு சின்ன ஆயத்தம் செய்திருந்தேன். கூகுள் ஆப்பில் வலது மேல் மூலையில் இருக்கும் படத்தைத் தட்டி, அமைப்புகளுக்குள் போய், அசிஸ்டன்ட் பகுதியில் மொழிகளில் தமிழையும் சேர்த்தேன். இரண்டு மொழி வைத்துக்கொள்ளலாம் என்பதால் இந்திய ஆங்கிலத்தையும் விட்டுவைத்தேன். புதிய போன்களில் அசிஸ்டன்டுக்குப் பதிலாக ஜெமினி இருக்கலாம். அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டில் எதில் சொன்னாலும் ரிமைண்டர் போய் உட்காரும் இடம் ஒன்றுதான், Google Tasks. முன்பு அசிஸ்டன்டுக்குத் தனியாக ரிமைண்டர் பட்டியல் இருந்தது. 2023-ல் அதை எடுத்து Tasks-க்குள் சேர்த்துவிட்டார்கள். பலருக்கு இது தெரியாததால் 'வைத்தேன், காணோம்' என்று தேடுகிறார்கள். அந்த ஆப் எல்லா போனிலும் முன்கூட்டியே இருப்பதில்லை. பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். கூகுள் காலண்டரிலும் அதே ரிமைண்டர்கள் தெரியும். ஆனால் அத்தை மாதிரி ஆட்களுக்குக் காலண்டர் கட்டங்கள் குழப்பம், Tasks-ன் நேரான பட்டியல்தான் சுலபம்.

இனி ஞாயிறு பவுடர். அத்தை போனை வாய்க்கருகில் வைத்து, யாரோ தூரத்துச் சொந்தக்காரரிடம் பேசுவதுபோலத் தொடங்கினார்: "ஏம்பா, ஞாயித்துக்கிழமை ஆனா அந்தப் பாலுல போடற பவுடரு..." அதற்குள் வெளியே டி.எச். ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. போன் பாதியிலேயே கேட்பதை நிறுத்திவிட்டது. வடசென்னை வீடுகளில் இதற்குத் தீர்வு ஒன்றுதான்: ரோட்டுப் பக்க ஜன்னலை விட்டு உள்ளறைக்குப் போய், சொல்ல வேண்டியதை முன்கூட்டியே மனதில் கோர்த்துக்கொண்டு, இடையில் மூச்சு விடாமல் ஒரே வாக்கியமாகச் சொல்லிவிடுவது. நடுவில் நின்று யோசித்தால் போன் 'சொல்லி முடித்துவிட்டார்' என்று நினைத்துக்கொள்ளும்.

உள்ளறையில் அத்தை சொன்னது இது: "ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு பவுடர் குடிக்க ஞாபகப்படுத்து." திரையில் ஒரு அட்டை வந்தது. 'சரி, ஆயிடுச்சு' என்று அத்தை போனைக் கீழே வைக்கப் போனார். நான் தடுத்தேன். அந்த அட்டையில் தலைப்பு, தேதியும் நேரமும், எத்தனைக்கு ஒரு முறை என்று மூன்று விஷயம் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த அட்டையில் தலைப்பே "ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பவுடர் குடிக்க" என்று இருந்தது. தேதி வரும் ஞாயிறு, நேரம் 9. 'எத்தனைக்கு ஒரு முறை' என்ற வரியே இல்லை. அதாவது திரும்பத் திரும்ப வரவேண்டும் என்பதைப் போன் வெறும் தலைப்பாக எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு ஞாயிறுக்கு மட்டும் வைத்திருக்கிறது. இந்தக் கோளாறு சட்டென்று கண்ணில் படாது, ஏனென்றால் 'ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும்' என்ற வார்த்தை திரையில் இருக்கத்தான் செய்கிறது. அடுத்த ஞாயிறு மணியும் அடிக்கும். அதற்கு அடுத்த ஞாயிறுதான் உண்மை தெரியும். கிழமையோ 'தினமும்' என்ற சொல்லோ தலைப்புக்குள் புகுந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும், அவ்வளவுதான் அடையாளம்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அதையே ஆங்கிலம் கலந்து சொல்லிப் பார்ப்பது. "ரிமைண்ட் மீ எவ்ரி சண்டே அட் நைன் ஏஎம் டு டிரிங்க் பவுடர்" என்று நான் சொன்னபோது திரும்ப வரும் வரியோடு சரியாக விழுந்தது. இன்னொன்று, அத்தைக்கு ஏற்ற வழி: குரலில் வரும் ஞாயிறுக்கு மட்டும் ஒரு தடவையாக வைத்துவிட்டு, திரும்ப வருவதைக் கையால் சேர்ப்பது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. எப்படியும் எட்டு வாரம் என்பதைக் கையால்தான் வைக்கப்போகிறோம். ஒரு முறை ஆப்பைத் திறக்கும்போதே இரண்டையும் முடித்துவிடலாம்.

நேரத்தைச் சொல்வதில் ஒரு எச்சரிக்கை. வெறும் 'ஒன்பது மணி' என்றால் காலையா ராத்திரியா என்று போன் தானாக ஊகித்துக்கொள்ளும், பெரும்பாலும் அடுத்து வரும் ஒன்பதாக. கால்சியம் மாத்திரையைப் பகலில் உட்கார்ந்து வைக்கும்போது 'எட்டு மணிக்கு' என்றால் ராத்திரி எட்டு சரியாக விழலாம். ராத்திரி ஒன்பதரைக்கு வைத்தால் அதே வாக்கியம் மறுநாள் காலை எட்டாகிவிடும். கால்சியம் காலையில் போனால் பிரச்சினை. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மருந்து சரியாக உடம்பில் ஏறாது. ஆகவே 'காலை', 'ராத்திரி' என்பதை நேரத்துக்கு முன்னால் ஒட்டியே சொல்லப் பழக்கினோம்: "தினமும் ராத்திரி எட்டு மணிக்கு."

தலைப்பில் மாத்திரையின் கம்பெனிப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். குரலில் அது உருக்குலைந்து விழும், அப்புறம் பட்டியலில் பார்த்தால் எது எந்த மாத்திரை என்றே தெரியாது. 'ஞாயிறு பவுடர்', 'ராத்திரி மாத்திரை' என்று வீட்டில் சொல்கிற பெயரே போதும். இன்னொரு காரணமும் உண்டு. ரிமைண்டர் வரும்போது தலைப்பு பூட்டிய திரையிலேயே தெரியலாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நம் வைத்தியம் தெரிய வேண்டிய அவசியமில்லை.

இனி கையால் செய்தது. Tasks-ஐத் திறந்து 'ஞாயிறு பவுடர்' வரியைத் தட்டினால் விவரம் விரியும். தேதியும் நேரமும் இருக்கும் இடத்தைத் தட்டினால் கீழே Repeat என்று இருக்கும். அதற்குள் போனால், எத்தனைக்கு ஒரு முறை என்று ஒரு எண், பக்கத்தில் நாள், வாரம், மாதம், வருடம். நாங்கள் 1 வாரம், கிழமையில் ஞாயிறு மட்டும். கீழே Ends என்ற பகுதியில் மூன்று வழிகள்: முடிவே இல்லாதது, குறிப்பிட்ட தேதியில் முடிவது, இத்தனை முறைக்குப் பிறகு முடிவது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து 8 என்று போட்டுச் சேமித்தோம். எண்ணை மட்டும் நம்பாமல் காலண்டரை வைத்து ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். முதல் ஞாயிறு 2026 ஜனவரி 4. பிறகு 11, 18, 25. பிப்ரவரியில் 1, 8, 15, 22. ஆக எட்டாவது சாஷே பிப்ரவரி 22. இப்படித் தேதியாகக் கணக்கிட்டு வைத்துக்கொண்டால், பின்னால் யாராவது ரிமைண்டரில் கை வைத்துக் குழப்பினாலும் சரிபார்க்க ஒரு அளவுகோல் இருக்கும். அத்தை அதைச் சமையலறைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டமும் போட்டுவிட்டார். எனக்கு ஆட்சேபம் இல்லை.

எல்லாம் முடித்துப் பார்த்தபோதுதான் ஒரு வேடிக்கை. ராத்திரி மாத்திரையை அத்தை குரலில் வைத்தார், அட்டை சரியாக வந்தது, சேமித்ததாகவும் காட்டியது. Tasks-ல் அது இல்லை. பவுடர் இருக்கிறது, மாத்திரை இல்லை. மறுபடி சொன்னோம், மறுபடியும் அதே கதை. காரணம், போனில் இரண்டு கூகுள் கணக்குகள். அத்தையின் பேரன் கேம் இறக்குவதற்காகத் தன் கணக்கையும் அதில் சேர்த்திருந்தான். நடுவில் அவன் எதையோ தேடப் போய், கூகுள் ஆப் அவன் கணக்குக்கு மாறியிருந்தது. குரலில் சொன்னது அவன் பட்டியலுக்குப் போனது, நாங்கள் திறந்து பார்த்த Tasks அத்தையின் கணக்கில் இருந்தது. கூகுள் ஆப்பிலும் Tasks-லும் வலது மேல் மூலையிலுள்ள வட்டப் படத்தைத் தட்டினால் எந்த மின்னஞ்சல் என்று காட்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கூகுள் ஆப்பை அத்தையின் கணக்குக்குத் திருப்பி, பேரன் கணக்கில் விழுந்த இரண்டு ராத்திரி மாத்திரைகளையும் அழித்தோம். அழிக்காமல் விட்டிருந்தால் பேரனின் போனிலும் ராத்திரி எட்டுக்கு மணி அடித்திருக்கும். அத்தை அதை விட்டுவைக்கலாமே என்றார், "அவனாவது வந்து கேப்பான்ல, மாத்திரை போட்டியான்னு."

வைத்துவிட்டோம், அடிக்குமா? இதைச் சும்மா நம்பக்கூடாது. இரண்டு நிமிடம் கழித்து ஒரு ரிமைண்டர் வைத்து, போனைப் பூட்டி மேசையில் வைத்துக் காத்திருந்தோம். நேரம் தாண்டியும் சத்தமில்லை. போனைத் திறந்ததும் ரிமைண்டர் உடனே குதித்து வந்தது. திறந்தால் வருகிறது, பூட்டியிருந்தால் வரவில்லை என்றால் பழி பெரும்பாலும் பேட்டரி மிச்சப்படுத்தும் அமைப்பின்மேல். திரை அணைந்ததும் பின்னணியில் இருக்கும் ஆப்களைப் போன் உறங்க வைத்துவிடுகிறது. அமைப்புகள், ஆப்கள், Tasks, அதில் பேட்டரி என்று போய், Unrestricted என்று மாற்றினேன். அதே இடத்தில் அறிவிப்பு அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு 13-லிருந்து ஒவ்வொரு ஆப்பும் அறிவிப்புக்குத் தனியாக அனுமதி கேட்கும், முதலில் 'வேண்டாம்' என்று தட்டியிருந்தால் சத்தமே வராது. மாற்றிவிட்டு மறுபடி அதே சோதனை, இந்தத் தடவை பூட்டிய போன் சரியாக ஒலித்தது. சத்தம் சிறியது என்பதால் அறிவிப்பு ஒலியளவையும் ஏற்றி வைத்தேன். அது அழைப்பு மணியின் ஒலியளவிலிருந்து தனியாக இருக்கும் போன்கள் உண்டு.

அப்புறம் திருத்தங்கள். உண்மையில் வேலை இங்கேதான். ஒரு வாரம் கழித்து அத்தை, எட்டு மணிக்கு சீரியல் நடக்கிறது, மாத்திரையை ஒன்பதுக்கு மாற்று என்று தானே போனிடம் சொல்லிவிட்டார்: "தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை போட ஞாபகப்படுத்து." போன் பணிவாக வைத்தது. அன்று ராத்திரி எட்டுக்கும் அடித்தது, ஒன்பதுக்கும் அடித்தது. குரலில் மறுபடி சொன்னால் பழையது மாறாது, பக்கத்தில் புதிதாக ஒன்று முளைக்கும். மாத்திரை விஷயத்தில் இது ஆபத்தானது. இரண்டு தடவை மணி அடித்தால் இரண்டு மாத்திரை போட்டுவிடுகிற வயதானவர்கள் இருக்கிறார்கள். அலாரத்துக்கும் இதே கதைதான், ஐந்தரைக்கு ஒன்று வைத்தால் ஆறு மணியது அப்படியே இருக்கும்.

அதனால் எங்கள் வீட்டு விதி: புதிதாக வைப்பது வாயால், மாற்றுவது கையால். எட்டு மணி ரிமைண்டரைத் திறந்து, அதன் நேரத்தைத் தட்டி ஒன்பதாக மாற்றினோம், புதிதாக முளைத்ததை அழித்தோம். மாற்றியதும் Repeat இன்னும் 'தினமும்' என்றே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஆப்பை மூடினேன். வேறு எதையும் தொடவில்லை.

இன்னொரு திருத்தம் பொங்கலையொட்டி வந்தது. அத்தை பொன்னேரியில் மகள் வீட்டுக்குப் போனவர், ஜனவரி 18 ஞாயிறன்று அங்கேயே இருந்தார். சாஷே தண்டையார்பேட்டையில். திங்கட்கிழமை குடித்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டு, சரி என்று தெரிந்த பிறகு, ரிமைண்டரைத் திங்களுக்கு மாற்றலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தொடர் ரிமைண்டரின் தேதியைத் தள்ளினால், அந்த ஒரு நாள் மட்டும் தள்ளுமா, மீதி வாரங்களும் திங்களுக்குப் போகுமா என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டும். அதைவிட எளிது, தொடரைத் தொடாமல் விட்டு, "நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு பவுடர் குடிக்க ஞாபகப்படுத்து" என்று ஒரு தடவைக்கான ரிமைண்டர் ஒன்றைக் குரலால் சேர்ப்பது. ஞாயிறு வந்ததைக் குடிக்காமலே டிக் செய்துவிட்டார். எண்ணிக்கையில் அது ஒன்றாகவே போகும், திங்களன்று குடித்தது அதற்கு ஈடு. எட்டு எட்டாகவே இருக்கும்.

டிக் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. அறிவிப்பை ஓரமாக இழுத்துத் தள்ளுவதும், வேலை முடிந்தது என்று டிக் செய்வதும் ஒன்றல்ல. தள்ளினால் திரையிலிருந்து மறையும், பட்டியலில் நிலுவையாக நிற்கும். டிக் செய்தால்தான் அன்றையது முடிந்ததாகக் கணக்கு. அத்தை ஆரம்பத்தில் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு வாரக் கடைசியில் திறந்து பார்த்தால் நேற்று, முந்தாநாள் என்று பழையவை வரிசையாக நின்றன. மாத்திரை போட்டாரா இல்லையா என்பது அந்தப் பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது. இப்போது தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் டிக் என்று வைத்துக்கொண்டிருக்கிறார். முதலில் டிக், அப்புறம் மாத்திரை என்றால் நடுவில் கதவைத் தட்டும் ஆள் போதும், மாத்திரை விட்டுப்போக.

அதே சாக்கில் கரண்ட் பில்லையும் போனில் ஏற்றச் சொன்னார். இங்கே மீட்டர் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அதைக் குரலில் சொல்லிப் போராடவில்லை. ஒரு தேதிக்கு ஒரு தடவையாகச் சொல்ல வைத்து, Repeat-ல் எண்ணை 2 என்றும் பக்கத்தில் மாதம் என்றும் கையால் மாற்றினேன். தேதியை 28-க்குள் வைத்துக்கொண்டேன். 30, 31 என்று வைத்தால் பிப்ரவரியில் என்ன ஆகும் என்ற கேள்வியே வேண்டாம்.

பவுடர் பிப்ரவரி 22-ல் முடிந்தது. அடுத்த ஞாயிறு காலை ஒன்பதுக்குப் போன் சும்மா இருந்தது. ராத்திரி மாத்திரைக்கு முடிவு தேதி வைக்கவில்லை, அது டாக்டர் சொல்லும்வரை. தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதை மட்டும் அத்தை தனியாகவே வைத்துவிட்டார்: "மார்ச் ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு வெறும் வயித்துல ரத்தம் குடுக்கப் போகணும், ஞாபகப்படுத்து." திறந்து பார்த்தேன். தலைப்பு நீளம், ஆனால் தேதி, நேரம் இரண்டும் சரி. திரும்ப வரும் வரி இல்லை, இதற்கு அது இருக்கக்கூடாது.